கறுப்பு டொலரும் பாமசி மாத்திரையும்

"கண்ணால் கண்டோம் சேர், கறுத்த தாளைக் கழுவியதும் டொலராகிவிட்டது" என்போரே, நீங்கள் கண்டது பொய்யல்ல. அந்த ஒரு தாள் ஆரம்பத்திலிருந்தே உண்மையான 100 டொலர்தான். அதில் பசை பூசி, காயத்துக்குப் போடும் அயடீனில் தோய்த்துக் கறுக்க வைத்திருக்கிறார்கள். அவன் காட்டும் "விசேட இரசாயனம்" பெரும்பாலும் விற்றமின் சி மாத்திரை கரைத்த தண்ணீர். மாப்பொருளுக்கு அயடீன் விட்டுக் கருநீலமாக்கும் எமது ஓ.எல். பிள்ளைகளிடம் கேளுங்கள், அதில் விற்றமின் சி கரைசலை ஊற்றி நிறத்தைப் போக்கிக் காட்டுவார்கள்.

கட்டில் மிச்சமெல்லாம் வெறும் கறுப்புக் கடதாசி. "நாங்களேதான் உருவிக் கொடுத்தோம்" என்கிறீர்கள். உருவியது நீங்கள்தான், பாத்திரத்துக்குள் போனது அவன் கைமாற்றிய தாள். நாணய மாற்றுக் கடையில் அதை வாங்காமல் விடுவார்களா?

பிறகு மருந்து முடிந்துவிடும். புதுப் போத்தலுக்குச் சில லட்சம் கேட்பான். இங்கேதான் எமக்குக் கோபம் வருகிறது. 10 தாளைக் கழுவினால் 1000 டொலர். கழுவத் தெரிந்தவன் அந்தக் காசில் மருந்து வாங்காமல், உங்கள் மனைவியின் நகையை ஏன் அடகு வைக்கச் சொல்கிறான்?

ஏமாந்தவரோ, கள்ளப் பணத்தில் பங்காளியாகிவிட்டோம் என்று பொலிசுக்குப் போகப் பயப்படுகிறார். "கடத்தி வந்த பணம், வாய் திறக்காதீர்கள்" என்று முதல் நாளே அவன் சொன்னது அதற்குத்தான். மிஞ்சிய கடதாசிக் கட்டையும் அவனுடைய தொலைபேசி இலக்கத்தையும் எறிந்துவிடாமல் பொலிசில் கொடுங்கள்.