பெற்றோருக்குப் பின் பிள்ளைக்கு யார்?

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பிள்ளைகளுக்குச் சொத்துப் பிரித்துக் கொடுப்பதற்கு ஒரு நெடுநாள் ஒழுங்குண்டு. பெண்ணுக்குச் சீதனமாக வீடும் வளவும். ஆணுக்குத் தோட்டக் காணி. எஞ்சியது பெற்றோரின் சீவிய உரித்துடன் நன்கொடை உறுதியாக எழுதப்படும். பிள்ளைகள் யாவரும் தம் காலில் நிற்பவராயின் இவ்வொழுங்கிற் குறையில்லை. ஆனால் அவர்களுள் ஒருவர் அறிவு வளர்ச்சி குன்றியவராகவோ, ஆயுள் முழுவதும் பிறர் துணையை நாடுபவராகவோ இருப்பின், அவருடைய பங்கை எங்ஙனம் எழுதுவது என்பது வேறு வினாவாகும். அவ்வினாவுக்குச் சட்டம் தரும் விடைகளுள் ஒன்றாகிய குடும்ப நம்பிக்கைப் பொறுப்பைப் பற்றி இவ்வாரம் ஆராய்வோம்.

விளக்கத்தின் பொருட்டு ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கொக்குவிலில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், அவருடைய மனைவி. மூத்த மகள் மணமாகி உடுவிலில் இருக்கிறாள். அடுத்த மகன் கனடாவில். கடைக்குட்டிக்கு வயது 22. உண்ணவும் உடுக்கவும் தெரியும். பணத்தின் பெறுமதி தெரியாது. உறுதியொன்றை விளங்கிக் கையொப்பமிட இயலாது. குடியிருக்கும் வீடு தாயின் சீதனம். கடைக் கட்டடமொன்று இருவரும் சேர்ந்து தேடிய தேட்டம். மாத வாடகை 25,000 ரூபா. வங்கியில் நிலையான வைப்பு 40 இலட்சம்.

இவர்கள் முன் மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, "தம்பியை அக்கா பார்ப்பாள்" என்று நம்பி, எல்லாவற்றையும் மகளின் பெயருக்கு எழுதிவிடுவது. இதுவே ஊரிற் பெருவழக்கு. மகள் நல்லவளாகவே இருக்கட்டும். ஆயினும் உறுதி அவள் பெயரில் இருந்தால், சட்டத்தின் கண்ணில் அது அவளுடைய சொத்து. அவள் கடன்பட்டால் கடன்காரர் அதன்மேற் கைவைக்கலாம், அவள் இறந்தால் அது அவளுடைய வாரிசுகளைச் சேரும், தம்பியை அல்ல. "மகளுக்குக் கொடுக்கிறோம்; அவளுக்குப் பின் தம்பிக்குச் சேர வேண்டும்; இடையில் விற்கலாகாது" என்று உறுதியிற் கட்டுப்பாடு எழுதினால் என்ன என்று சில முதியவர்கள் கேட்பதுண்டு. அவ்வகை வழிவழிக் கட்டுப்பாட்டை 1972 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் ஒழித்துவிட்டது. பழைய உறுதிகளைப் பார்த்து அவ்வாறு எழுதுவோர் பயனற்ற காவலை நம்புகின்றனர்.

இரண்டாவது வழி மரணசாதனம். இது நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடனோ, நொத்தாரிசு இல்லாவிடின் ஐந்து சாட்சிகளுடனோ கைச்சாத்திடப்படுவது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடி தடுப்புச் சட்டம் வகுத்த விதி இது. மரணசாதனத்தின் இயல்பு யாதெனின், எழுதியவர் உயிருள்ளவரை அது உறங்கிக் கிடக்கும். அவர் விரும்பிய போதெல்லாம் மாற்றலாம். இறந்த பின், மாவட்ட நீதிமன்றத்தில் டெஸ்டமென்டரி வழக்கு வைத்து மெய்ப்பிக்கப்பட்ட பின்னரே அது செயற்படும். அதுவரை மாதங்கள், சிலவேளை ஆண்டுகள் செல்லும். பிள்ளையின் பசியோ ஒரு நாளும் காத்திராது.

அதனினும் பெரிய குறை இரண்டுண்டு. தந்தை இறவாது, பாரிசவாதத்தாற் படுக்கையில் வீழ்ந்து பேச்சிழந்தால், மரணசாதனம் வாய் திறவாது. வைப்புப் பணமும் அசையாது. மற்றையது, மரணசாதனத்தால் 40 இலட்சமும் இளைய மகனுக்கே நேரே சேர்ந்தாலும், அதை எடுக்கக் கையொப்பமிட அவனால் இயலாது. அப்பொழுது யாரேனும் ஒருவர் மாவட்ட நீதிமன்றத்துக்குச் சென்று, அவன் தன் சொத்தை ஆள இயலாதவன் என்று விசாரணையிற் காட்டி, சொத்துக்கு முகாமையாளர் ஒருவரை நியமிக்குமாறு விண்ணப்பிக்க வேண்டும். யார் நியமிக்கப்படுவார் என்பதைப் பெற்றோர் அன்று சொல்ல முடியாது.

மூன்றாவது வழியே நம்பிக்கைப் பொறுப்பு. கோயிலுக்கும் மடத்துக்கும் தருமசாதனம் எழுதிய ஊருக்கு இதன் கருத்துப் புதியதன்று. சொத்தின் உரித்து ஒருவர் கையில். அதன் பயன் மற்றொருவருக்கு. கையில் வைத்திருப்பவர் நம்பிக்கைப் பொறுப்பாளர். அவர் அதைத் தமக்கென அனுபவிக்கலாகாது. அவருடைய சொந்தக் கடனுக்கு அது ஈடாகாது. அவர் இறந்தால் அவருடைய பிள்ளைகளின் முதுசமும் ஆகாது. இதற்கு ஆதாரம் 1917 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம்.

அச்சட்டத்தின் 6 ஆம் பிரிவின்படி நான்கு விடயங்கள் தெளிவாக இருத்தல் வேண்டும்: நம்பிக்கைப் பொறுப்பை ஆக்கும் எண்ணம், அதன் நோக்கம், பயன் பெறுபவர், சொத்து. அத்துடன் சொத்துப் பொறுப்பாளரின் பெயருக்கு மாற்றப்படவும் வேண்டும். பெற்றோர் தாமே முதற் பொறுப்பாளராக இருப்பின் அம்மாற்றம் வேண்டியதில்லை. காணி, கட்டடம் என்பவற்றைப் பொறுத்தவரை, உயிருடன் இருக்கும்போது செய்யும் பொறுப்பு நொத்தாரிசு உறுதியாகவே எழுதப்பட வேண்டும் என்பது 5 ஆம் பிரிவின் விதி. வெறுந்தாளில் எழுதிச் சுவாமிப் படத்தின் பின்னால் வைத்த கடிதம் காணியைக் காவாது. எழுதிய உறுதியைக் காணிப் பதிவகத்திற் பதியாமல் விடுவதும் தவறு. பின்னர் விலை கொடுத்து வாங்கிப் பதிந்தவர் முந்திக்கொள்ளக் கூடும்.

நம் குடும்பத்துக்குத் தேசவழமையும் ஒரு நிபந்தனை விதிக்கிறது. வீடு மனைவியின் சீதனமாயினும், 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி அவள் உயிருடன் இருக்கையில் அதைக் கைமாற்றக் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். கடைக் கட்டடம் தேடிய தேட்டமாதலின், ஒருவர் இறந்ததும் பாதி மற்றவரைச் சாரும்; ஆகவே ஒருவர் தனித்து முழுவதையும் எழுதிவைக்க முயல்வது பிணக்குக்கு வித்தாகும். இருவரும் உயிரோடும் தெளிவோடும் இருக்கும்போதே, ஒரே உறுதியிற் சேர்ந்து ஒப்பமிடுவது நன்று.

இனி, பொறுப்பாளரின் அதிகாரங்கள். கணக்கிட்டுப் பார்த்தால் இவை விளங்கும். இளைய மகனுக்குத் துணையிருப்பவரின் சம்பளம், உணவு, மருந்து, ஏனையவை என மாதம் 60,000 ரூபா வேண்டும் என்க, ஆண்டுக்கு 7,20,000. கடை வாடகை ஆண்டுக்கு 3,00,000. வைப்புக்கு 8 வீத வட்டி என்று கொண்டால் 3,20,000. குறைவது 1,00,000; அதைக் கனடாவிலுள்ள அண்ணன் அனுப்ப ஒப்புக்கொள்கிறான். ஆனால் 2022 செப்டெம்பரிலே நம் நாட்டின் விலைவாசி, முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய 70 வீதம் உயர்ந்து நின்றதை மறத்தலாகாது. அத்தகைய ஆண்டொன்று மீண்டும் வரின் செலவு 12,24,000 ஆகும். வாடகையும் வட்டியும் அங்ஙனமே நின்றால் 6,04,000 குறையும். "வட்டியை மட்டும் செலவிடுக, முதலைத் தொடாதே" என்று உறுதி சொல்லுமாயின், வங்கியில் 40 இலட்சம் இருக்கப் பிள்ளை மருந்தின்றி இருப்பான்.

ஆகையால் உறுதியில் வெளிப்படையாகக் கொடுக்க வேண்டிய அதிகாரங்கள் இவை: தேவை நேரின் முதலிலிருந்து செலவிடல், முதலீட்டை மாற்றல், கடையை வாடகைக்கு விடல், திருத்தல், அவசியமாயின் விற்றல், துணையாளுக்குச் சம்பளம் கொடுத்தல். வீட்டைப் பற்றி மட்டும் எதிர்மாறாக எழுதலாம்: மகன் அங்கே வாழும்வரை அதை விற்கவோ ஈடு வைக்கவோ கூடாது, வாழ இயலாத நிலை வந்தாலன்றி என்று. பொறுப்பாளர் பணத்துக்குப் பொறுப்பாளரே அன்றிப் பிள்ளைக்கு எசமானர் அல்லர் என்பதும் நினைவிருக்கட்டும். எங்கே வாழ்வது, யாருடன் பழகுவது என்பவற்றில் அவன் விருப்பத்தைக் கேட்டு நடக்குமாறு எழுதுதல் நேரிது.

அதிகாரத்துக்கு வேலியும் வேண்டும். பொறுப்பாளர் நம்பிக்கைச் சொத்தைத் தம் பணத்துடன் கலக்கலாகாது; கணக்கு வைத்திருக்க வேண்டும்; தமக்கே அதை விலைக்கு வாங்கிக்கொள்ளலாகாது; உறுதி அனுமதித்தாலன்றிச் சம்பளம் பெறலாகாது. பலர் பொறுப்பாளராயின் யாவரும் ஒன்றுபட்டே செயற்பட வேண்டும் என்பது பொது விதி. கனடாவில் ஒருவர் இருக்கும்போது இது தடையாகும். எனவே மூவரை நியமித்து, இருவர் இணங்கினாற் போதும் என எழுதுவது வசதி. ஒருவர் விலகினாலோ இறந்தாலோ அடுத்தவர் யார் என்பதையும் பெயரிட வேண்டும். அங்ஙனம் எவரும் இல்லாதபோது மாவட்ட நீதிமன்றம் நியமிக்கலாம். கொழும்பிலுள்ள பொது நம்பிக்கைப் பொறுப்பாளர் திணைக்களத்தையும் நாடலாம். 1922 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தால் அப்பதவி ஏற்படுத்தப்பட்டது.

வழக்கமாக நேரும் கேடு ஒன்று உண்டு. இளையவனின் காலத்துக்குப் பின் எஞ்சும் சொத்து அக்காவுக்கு என்றும், அவளே தனிப் பொறுப்பாளர் என்றும் எழுதுவது. அப்பொழுது தம்பிக்குச் செலவிடாத ஒவ்வொரு ரூபாவும் அவளுக்கே மிஞ்சும். களவு எதுவும் நடவாது. ஆனால் துணையாள் நிறுத்தப்படுவார், பல் வைத்தியம் தள்ளிப் போடப்படும். இதைக் கண்டுகொள்ளும் வழி எளிது: கணக்கில் மீதி ஆண்டுதோறும் ஏற, பிள்ளையின் உடையும் உடலும் இறங்கும். பிள்ளையால் முறையிட முடியாதாகையால், பங்கில்லாத ஒருவரைக் கண்காணிப்பாளராகப் பெயரிட்டு, ஆண்டுதோறும் அவருக்குக் கணக்குக் காட்டுமாறும், அவர் பிள்ளையை நேரிற் பார்க்குமாறும் உறுதியில் எழுத வேண்டும்.

சிங்கப்பூரில் 2008 ஆம் ஆண்டு இதற்கெனவே ஒரு நம்பிக்கைப் பொறுப்பு நிறுவனம் ஏற்படுத்தப்பட்டது. பெற்றோர் அங்கே பணத்துடன் ஒரு பராமரிப்புத் திட்டத்தையும் ஒப்படைக்கின்றனர். அப்பழக்கத்தை நாமும் கொள்ளலாம். பிள்ளை எந்த உணவை ஏற்பான், எந்த மருந்து ஒவ்வாது, இருளில் அஞ்சுவானா, கோண்டாவில் சிவபூமிப் பாடசாலை போன்ற இடத்துக்குச் செல்கின்றானாயின் அங்கே யாருடன் பழக்கம் என்பவற்றைத் தாய் ஒரு கொப்பியில் எழுதி, ஆண்டுக்கொருமுறை புதுப்பித்துப் பொறுப்பாளரிடம் கொடுத்தல் வேண்டும். அது சட்டப் பத்திரமன்று; ஆயினும் உறுதி சொல்லாததை அது சொல்லும்.

ஓர் எச்சரிக்கை. மரணசாதனத்தைப் போல நம்பிக்கைப் பொறுப்பை நினைத்தவாறு கிழித்துவிட முடியாது. மீளப்பெறும் அதிகாரத்தை உறுதியிலேயே பெற்றோர் ஒதுக்கி வைத்திராவிடின், பயன் பெறுபவரின் சம்மதம் வேண்டும். சம்மதம் தர இயலாத பிள்ளையிடம் அதைப் பெறுவது எங்ஙனம்? ஆதலால் தம் முதுமைச் செலவுக்கு வேண்டியதை வெளியே நிறுத்திக்கொண்டு, மிஞ்சியதையே உட்படுத்துக. வெளியே நின்றது பின்னர் அதே பொறுப்பிற் சேருமாறு சிறியதொரு மரணசாதனமும் எழுதிவிட்டால், இரண்டும் ஒன்றையொன்று தாங்கும். நொத்தாரிசிடம் செல்லுமுன் வீட்டு உறுதி, சீதன உறுதி, வைப்புச் சான்று, மூன்று பொறுப்பாளரின் வாய்ச் சம்மதம் ஆகிய நான்கையும் கையில் எடுத்துச் செல்க. முத்திரைத் தீர்வை எவ்வளவு என்பதையும் எழுதுமுன்னரே கேட்டறிக.