‘கூடாது’ நிறைந்த விதித்தாள்

பள்ளி அறிவியல் கூடங்களின் சுவரில் ஒரு விதித்தாள் ஒட்டப்பட்டிருப்பது வழக்கம். ஓடாதே, விளையாடாதே, உடைக்காதே, அமிலத்தில் நீரை ஊற்றாதே என்று அது இருபது வரிகள் வரை நீளும். எதைச் செய்யக்கூடாது என்பது அதில் தெளிவாகவே இருக்கும். ஆனால், புட்டியைக் கையில் எடுத்த மாணவருக்கு அந்த நொடியில் தேவைப்படுவது, அடுத்து என்ன செய்வது என்ற செய்திதான். ஆகவே, இவ்விதிகளுள் பெரும்பாலானவற்றைச் செய்ய வேண்டியதைக் கூறும் விதிகளாக மாற்றி எழுதுவதே பொருத்தமாகும். அவ்வாறு மாற்றும்போது விதியின் பிடி மட்டும் தளர்ந்துவிடக்கூடாது.

‘அமிலத்தில் நீரை ஊற்றாதே’ என்ற வரியையே எடுத்துக்கொள்ளலாம். அடர் கந்தக அமிலம் நீருடன் கலக்கும்போது மிகுந்த வெப்பம் வெளிப்படும். அமிலத்தின் மேல் நீரை ஊற்றினால், எடை குறைந்த நீர் மேற்பரப்பிலேயே கொதித்து, அமிலத்தையும் சேர்த்துத் தெறிக்கச் செய்யும். ஆனால், விதியை அவசரத்தில் நினைவுபடுத்துபவருக்கு எதில் எதை ஊற்றக்கூடாது என்பது எளிதில் மாறிப்போகும். ‘முதலில் முகவையில் நீரை எடுத்துக்கொள்ள வேண்டும், பிறகு அமிலத்தைச் சிறிது சிறிதாக அதில் ஊற்றிக் கலக்க வேண்டும்’ என்று எழுதினால் குழப்பத்திற்கு இடமில்லை. செய்யும் வரிசையே விதியாகிவிடுகிறது.

‘சோதனைக் குழாயின் வாயை நண்பர் பக்கம் திருப்பாதே’ என்பதிலும் ஓர் ஓட்டை உண்டு. நண்பரைக் காத்த மாணவர் அதைத் தம் முகத்துக்கு நேராகப் பிடித்துச் சூடாக்கலாம். அவர் விதியை மீறியதாகச் சொல்ல முடியாது. ‘குழாயின் வாய் ஆள் இல்லாத பக்கத்தை நோக்கி இருக்க வேண்டும்’ என்றால் இருவருக்குமே பாதுகாப்பு.

‘பொருள்களை உடைக்காதே’ என்பதோ இன்னும் மோசமானது. யாரும் வேண்டுமென்று முகவையைக் கீழே போடுவதில்லை. உடைத்தல் குற்றம் என்று மட்டும் படித்த மாணவர், கண்ணாடித் துண்டுகளைக் கழுவுதொட்டியில் மறைத்துவிட்டு நகரக்கூடும். அடுத்து அங்குக் கை வைப்பவரின் விரல்தான் கிழியும். ‘ஏதேனும் உடைந்தால் நின்ற இடத்திலிருந்தே ஆசிரியரிடம் உடனே சொல்ல வேண்டும்’ என்ற விதியைத்தான் தவறு நேர்ந்த பிறகும் பின்பற்ற முடியும்.

கனிவாக எழுதினால் மாணவர் மதிக்கமாட்டார்கள் என்று சில ஆசிரியர்கள் தயங்குவதுண்டு. அந்தத் தயக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. தடைச் சொற்களை நீக்குபவர்கள் பல வேளைகளில் விதியை அறிவுரையாக மாற்றிவிடுகிறார்கள். ‘பாதுகாப்புக் கண்ணாடி அணிவது நல்லது’ என்றால் அணியாமலும் இருக்கலாம் என்று பொருள். ‘பாதுகாப்புக் கண்ணாடி அணிவோம்’ என்பது அழைப்பு. அதற்கு யாரும் கட்டுப்பட வேண்டியதில்லை. ‘கவனமாக நடந்துகொள்ள வேண்டும்’ என்பதில் ‘வேண்டும்’ இருந்தாலும், ஒருவர் கவனமாக இருந்தாரா என்பதைப் பார்த்துச் சொல்ல இயலாது.

விதி கட்டுப்படுத்த வேண்டுமானால், யார், எப்போது, எதுவரை என்பது அதில் இருக்க வேண்டும். தம் சோதனை முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிடும் மாணவர் பலர். பக்கத்து மேசையில் இன்னும் ஏதோ கொதித்துக்கொண்டிருக்கும். ‘கூடத்தில் உள்ள அனைவரும், முதல் அடுப்பு எரியத் தொடங்குவதற்கு முன் பாதுகாப்புக் கண்ணாடியை அணிய வேண்டும், எல்லா மேசைகளிலும் கருவிகளைக் கழுவி முடித்த பிறகே கழற்ற வேண்டும்.’ இந்த விதி பழைய வரியைவிட நீளமானதுதான். ஆனால், வாசலில் நிற்கும் ஆசிரியர் ஒரே பார்வையில் யார் மீறுகிறார் என்று அறிந்துகொள்வார்.

எல்லாத் தடைகளையும் இப்படி மாற்றிவிட முடியாது. ‘கூடத்தில் எதையும் உண்ணவோ பருகவோ கூடாது’ என்பதற்கு ஈடான வேறு சொற்றொடர் இல்லை. ‘உணவைச் சிற்றுண்டிச் சாலையில் உண்ண வேண்டும்’ என்று மாற்றினால், சட்டைப்பையிலிருக்கும் மிட்டாய் உணவா என்ற வாதம் எழும். வேதிப்பொருளைச் சுவைத்துப் பார்ப்பதும் அப்படியே. அங்கு முழுத்தடைதான் தெளிவு. உலகெங்கும் வழங்கும் பாதுகாப்புக் குறியீடுகளிலும், செய்ய வேண்டியதற்கு நீல வட்டமும் செய்யக்கூடாததற்குக் குறுக்குக்கோடிட்ட சிவப்பு வட்டமும் தனித்தனியே உள்ளன. இருபது ‘கூடாது’களுக்கு நடுவே கண்ணில் படாமல் போகும் இந்த இரண்டும், தாளின் மேற்பகுதியில் தனியாக நின்றால் எவர் கண்ணுக்கும் தப்பா.

எழுதி முடித்த தாளைச் சுவரில் ஒட்டும் முன், கூடத்திற்குப் புதியவரான படிவம் 1 மாணவர் ஒருவரிடம் கொடுத்து, வெறும் நீரை வைத்து அதன்படி செய்யச் சொல்லலாம். எந்த வரியில் அவர் தயங்கி ஆசிரியரின் முகத்தைப் பார்க்கிறாரோ, அந்த வரியைத்தான் மீண்டும் எழுத வேண்டும்.