வருஷத்தின் நடுவில் வேலையில் சேர்ந்தவருக்கு முதல் ஹைக் எப்போது, எவ்வளவு? ‘ப்ரோ-ரேட்டா’ கணக்கு இதுதான்!

ஏப்ரல், மே மாதங்களில் ஆபீஸ் கேன்டீனில் அதிகம் கேட்கும் கேள்வி, “உனக்கு எவ்வளவு ஹைக்?” என்பதுதான். பக்கத்து சீட்டுக்காரர் “10 சதவீதம்” என்கிறார். அதே வேலை, அதே ரேட்டிங் உள்ள உங்களுக்கு வந்திருப்பதோ 3.3 சதவீதம். இன்னொருவருக்கு லெட்டரே வரவில்லை. ஹெச்ஆரிடம் கேட்டால், “நீங்க மிட்-இயர்ல ஜாயின் பண்ணீங்க, அதனால ப்ரோ-ரேட்டா” என்று ஒரே வரியில் பதில் வரும்.

இது ஏமாற்று வேலையா, நியாயமான கணக்கா? இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு. சதவீதத்தை மட்டும் பார்த்தால் அது தெரியாது. நீங்கள் வேலை பார்த்த மாதங்களில் எவை கணக்கில் வந்தன, எவை வராமலே போயின என்று பார்க்க வேண்டும்.

அப்ரைசல் கடிகாரம் எந்த நாளில் ஓடத் தொடங்குகிறது?

தனியார் நிறுவனங்களில் பொதுவாக இரண்டு முறைகள் உண்டு. முதலாவது, ஆண்டு நிறைவு முறை. நீங்கள் ஆகஸ்ட் 12-ல் சேர்ந்தால், அடுத்த ஆகஸ்ட் 12-ல் உங்களுக்கு அப்ரைசல். ஒவ்வொருவருக்கும் தனித்தனி கடிகாரம். சிறிய நிறுவனங்கள் சிலவற்றில் இதைப் பார்க்கலாம். இதில் ப்ரோ-ரேட்டா பிரச்னையே வராது.

இரண்டாவது, எல்லோருக்கும் ஒரே தேதி. ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான நிதியாண்டைப் பின்பற்றும் நிறுவனங்களில் ஏப்ரல் 1 அந்தத் தேதியாக இருக்கும். ஜனவரி முதல் டிசம்பர் வரை கணக்கு வைக்கும் பன்னாட்டு நிறுவனங்களில் அது ஜனவரியாகவோ மார்ச்சாகவோ இருக்கலாம். இங்கேதான் நடுவில் சேர்ந்தவரை எங்கே பொருத்துவது என்ற கேள்வி எழுகிறது. அதற்காக நிறுவனங்கள் ஒரு கட்-ஆஃப் தேதி வைத்துக்கொள்கின்றன. சில இடங்களில் செப்டம்பர் 30, சில இடங்களில் டிசம்பர் 31. அதற்குள் சேர்ந்தவர்களுக்கு இந்த ஏப்ரலில் ஹைக் உண்டு. ஒரு நாள் தாண்டினாலும் அடுத்த ஏப்ரல்தான்.

இதில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. சில நிறுவனங்கள் சேர்ந்த தேதியைப் பார்ப்பதில்லை. ப்ரொபேஷன் முடிந்து வேலை உறுதியான தேதியில் இருந்துதான் எண்ணத் தொடங்கும். ஆறு மாத ப்ரொபேஷன் என்றால், ஜூலையில் சேர்ந்தவரின் கடிகாரம் ஜனவரியில்தான் ஓடத் தொடங்கும். கட்-ஆஃப் டிசம்பர் 31 என்றால், அவருக்கு அந்த ஏப்ரலில் எதுவும் கிடையாது. “நான் ஜூலையிலேயே வந்துட்டேனே” என்று சொல்லிப் பயனில்லை.

ஒரு மாதம் தள்ளிச் சேர்ந்தால் எவ்வளவு வித்தியாசம்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரே டீமில் இருவர். இருவருக்கும் மாதச் சம்பளம் 75,000 ரூபாய். ஒருவர் 2024 டிசம்பர் 2-ல் சேர்கிறார். மற்றவர் நோட்டீஸ் பீரியட் முடியத் தாமதமாகி, 2025 ஜனவரி 2-ல் சேர்கிறார். நிறுவனத்தின் கட்-ஆஃப் டிசம்பர் 31. இருவரும் ஒரே ரேட்டிங் வாங்குகிறார்கள். அந்த ரேட்டிங்குக்கு முழு ஆண்டு ஹைக் 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்.

டிசம்பரில் சேர்ந்தவருக்கு 2025 ஏப்ரலில் நான்கு மாதக் கணக்கு. 10 சதவீதத்தை 12-ஆல் வகுத்து, 4-ஆல் பெருக்கினால் 3.33 சதவீதம். ரூபாயில் 2,500. அவருடைய சம்பளம் 77,500 ஆகிறது. “மூணு பர்சன்ட் தானா?” என்று அவர் நொந்துபோவார். ஆனால், நான்கு மாத வேலைக்கு நான்கு மாதப் பங்கு வந்துவிட்டது. அவர் எதையும் இழக்கவில்லை.

ஜனவரியில் சேர்ந்தவருக்கு அந்த ஏப்ரலில் எதுவும் இல்லை. 2026 ஏப்ரலில் அவருக்கு முழு 10 சதவீதம் வருகிறது. சம்பளம் 82,500. “முழு ஹைக் வந்துடுச்சு” என்று அவர் சந்தோஷப்படலாம். ஆனால், அவர் அதற்காக வேலை பார்த்தது 15 மாதங்கள். கணக்கில் வந்தது 12 மாதங்கள் மட்டுமே. 2025 ஜனவரி, பிப்ரவரி, மார்ச் ஆகிய மூன்று மாதங்களும் எந்த அப்ரைசலிலும் சேரவில்லை.

அதே 2026 ஏப்ரலில் டிசம்பர்காரருக்கும் 10 சதவீதம் கிடைக்கும். 77,500 என்பது 85,250 ஆகும். இப்போது இருவருக்கும் இடையே மாதம் 2,750 ரூபாய் வித்தியாசம். ஒரு வருஷத்துக்கு 33,000. இதுபோக, 2025-26 நிதியாண்டில் டிசம்பர்காரர் மாதம் 2,500 வீதம் 30,000 ரூபாய் ஏற்கெனவே கூடுதலாக வாங்கிவிட்டார். இனி வரும் ஒவ்வொரு ஹைக்கும் சதவீதத்தில்தான் வரும் என்பதால், இந்த இடைவெளி தானாகக் குறையாது, கூடிக்கொண்டுதான் போகும்.

ஆக, குறைந்த சதவீதம் வாங்கியவர் லாபத்தில் இருக்கிறார். முழு சதவீதம் வாங்கியவர் நஷ்டத்தில் இருக்கிறார்.

15 மாதத்துக்கும் சேர்த்துக் கொடுக்க மாட்டார்களா?

கொடுக்கும் நிறுவனங்களும் உண்டு. 12 மாதத்துக்கு 10 சதவீதம் என்றால், 15 மாதத்துக்கு 12.5 சதவீதம். அப்படிக் கொடுத்திருந்தால் ஜனவரிக்காரரின் சம்பளம் 84,375 ஆகியிருக்கும். டிசம்பர்காரருடன் வித்தியாசம் மாதம் 875 ரூபாயாகச் சுருங்கியிருக்கும்.

ஆனால், 12 மாதத்துக்குக் குறைந்தால் வெட்டுவது, கூடினால் 12-லேயே நிறுத்திவிடுவது என்று வைத்திருக்கும் நிறுவனங்களும் இருக்கின்றன. குறையும்போது மட்டும் வேலை செய்யும் விகிதாசாரம் இது. பாலிசியில் இந்த வரி இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வேறு ஒரு முறையும் இருக்கிறது. சதவீதத்தைக் குறைக்காமல், ஹைக் அமலாகும் தேதியைத் தள்ளிவைப்பது. அதாவது, கடைசி மூன்று மாதங்களில் சேர்ந்தவர்களுக்கு முழு 10 சதவீதம், ஆனால் ஏப்ரலுக்குப் பதில் ஜூலையில் இருந்து. நம்முடைய டிசம்பர்காரருக்கு இந்த முறை கிடைத்திருந்தால் ஜூலை முதல் மாதம் 7,500 கூடியிருக்கும். ஒன்பது மாதத்தில் 67,500 ரூபாய். ப்ரோ-ரேட்டாவில் கிடைத்த 30,000-ஐ விட இது இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால், அடுத்த வருஷ ஹைக் ஏப்ரலுக்குத் திரும்புமா, ஜூலையிலேயே நின்றுவிடுமா என்பதைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

நிறுவனங்கள் சொல்லும் நியாயம் என்ன?

“ஜனவரியில சேர்ந்தவருக்கு ஜனவரி மார்க்கெட் ரேட்ல சம்பளம் போட்டுட்டோம். மூணு மாசத்துல மறுபடி எதுக்கு ஏத்தணும்?” என்று கேட்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. வேலை மாறும்போது கிடைத்த உயர்வுதான் பலருக்கும் அந்த வருஷத்தின் பெரிய உயர்வு. தவிர, மூன்று மாத வேலையை வைத்து ரேட்டிங் போடுவதும் கஷ்டம். அதனால்தான் புதிதாக வந்தவர்களுக்கு நடுத்தர ரேட்டிங் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

ஆனால், இந்த வாதம் 2025 ஏப்ரலுக்கு மட்டும்தான் பொருந்தும். 2026 ஏப்ரல் வரும்போது அவருடைய சம்பளம் 15 மாதப் பழசு. மற்றவர்களுடையது 12 மாதப் பழசு. அந்த மூன்று மாதத்தைக் கேட்பது நியாயமான கேள்விதான்.

அரசு வேலையில் எப்படி?

மத்திய அரசு ஊழியர்களுக்கு 2016-ன் ஊதிய விதிகளின்படி ஆண்டு இன்க்ரிமென்ட்டுக்கு இரண்டு தேதிகள்: ஜனவரி 1, ஜூலை 1. ஜனவரி 2 முதல் ஜூலை 1-க்குள் பணியில் சேர்ந்தவருக்கு, வரும் ஜனவரி 1-ல் முதல் இன்க்ரிமென்ட். ஜூலை 2 முதல் ஜனவரி 1-க்குள் சேர்ந்தவருக்கு, அடுத்து வரும் ஜூலை 1-ல்.

இங்கே ப்ரோ-ரேட்டா கிடையாது. ஆறு மாதம் முடித்தவருக்கும் முழு இன்க்ரிமென்ட்தான். ஆனால், கட்-ஆஃப் வேலையைக் காட்டத்தான் செய்யும். ஜூலை 1-ல் சேர்ந்தவர் ஆறே மாதத்தில் வாங்கிவிடுவார். ஜூலை 2-ல் சேர்ந்தவர் ஏறக்குறைய ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். வித்தியாசம் என்னவென்றால், விதி எல்லோருக்கும் தெரியும்படி எழுதப்பட்டிருக்கிறது. தனியார் வேலையிலோ ஆண்டுதோறும் ஹைக் தந்தே ஆக வேண்டும் என்று பொதுவான சட்டம் இல்லை. ஆஃபர் லெட்டரிலும் பாலிசியிலும் என்ன இருக்கிறதோ, அதுதான் உங்களுக்கான விதி.

என்ன கேட்க வேண்டும், எப்போது கேட்க வேண்டும்?

ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிடுவது நல்லது. அதன் பிறகு பேரம் பேச இடம் குறைவு. நான்கு கேள்விகள் போதும்.

1. இந்த அப்ரைசலுக்கு கட்-ஆஃப் தேதி எது? சேர்ந்த நாளா, ப்ரொபேஷன் முடிந்த நாளா?

2. கட்-ஆஃபுக்குள் வந்தால் சதவீதம் குறையுமா, அமலாகும் தேதி தள்ளிப்போகுமா?

3. கட்-ஆஃப் தாண்டினால், அடுத்த முறை 12 மாதத்துக்கு மேல் உள்ள மாதங்கள் சேருமா?

4. ஹைக் கணக்கிடுவது மொத்த சிடிசி மீதா, நிலையான சம்பளம் மீது மட்டுமா?

பதிலை போனில் கேட்டாலும், “நாம் பேசியபடி” என்று ஒரு மெயில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஹெச்ஆரில் இன்று உங்களிடம் பேசியவர் அடுத்த ஏப்ரலில் அங்கே இருப்பார் என்று சொல்ல முடியாது.

சேரும் தேதி கட்-ஆஃபுக்குச் சில நாட்களே தள்ளி இருந்தால், பழைய நிறுவனத்தில் மிச்சமிருக்கும் லீவை நோட்டீஸ் பீரியடில் கழித்துக்கொண்டு முன்னாடியே சேர முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால், “முதல் அப்ரைசலில் சேர்ந்த நாள் முதலான முழுக் காலமும் கணக்கில் எடுக்கப்படும்” என்று ஆஃபர் லெட்டரில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அதற்கும் மறுத்தால், தொடக்கச் சம்பளத்தையே கூட்டிக் கேட்கலாம். மேலே பார்த்த உதாரணத்தில், விடுபட்ட மூன்று மாதத்தின் பங்கு 2.5 சதவீதம். 75,000-க்கு அது 1,875 ரூபாய். ‘ரவுண்டா ரெண்டாயிரம் போட்டுக் கொடுங்க’ என்று கேட்பதற்கு இப்போது உங்களிடம் கணக்கு இருக்கிறது.

ஏற்கெனவே சேர்ந்துவிட்டீர்களா? ஹைக் லெட்டரை எடுத்து, அதில் உள்ள அப்ரைசல் காலத்தைப் பாருங்கள். உங்கள் சேர்ந்த தேதிக்கும் அந்தக் காலம் தொடங்கும் தேதிக்கும் நடுவே மாதங்கள் விடுபட்டிருந்தால், மேனேஜரிடம் பேச வேண்டியது அந்த மாதங்களைப் பற்றித்தான்.