சாப்பிடாதவர் எழுதிய குறை

புதுக்கோட்டை கீழராஜ வீதியில் ஒரு சின்னச் சைவ மெஸ் என்று வைத்துக்கொள்வோம். கணவன் அடுப்படியில், மனைவி கல்லாவில். காலை 7 மணிக்குத் திறந்து, மாலை 4 மணிக்கு அடைத்துவிடுவார்கள். கூகுள் வரைபடத்தில் அந்தக் கடையைப் பற்றி 9 பேர் எழுதியிருக்கிறார்கள். ஒன்பது பேரும் கொடுத்தது 5 நட்சத்திரம்.

ஒரு நாள் பத்தாவது ஆள் வருகிறார். கடைக்கு அல்ல, கைப்பேசிக்கு! "நேற்று இரவு மீன் குழம்பு சாப்பிட்டோம். கெட்டுப்போயிருந்தது" என்று எழுதி, 1 நட்சத்திரம் போட்டுவிட்டுப் போகிறார்.

மீனே வாங்காத கடை. இரவில் திறக்காத கடை. ஆனாலும் 5 என்று இருந்த சராசரி 4.6 ஆகிவிட்டது. 900 பேர் எழுதிய பெரிய ஓட்டலுக்கு இது கொசுக்கடி. சின்னக் கடைக்கோ பெரிய அடி. சித்தன்னவாசல் பார்க்க வரும் வெளியூர்க் குடும்பம் கைப்பேசியைப் பார்த்துத்தானே சாப்பாட்டுக் கடையைத் தேடுகிறது?

சாப்பிடாமலே எழுத முடியுமா என்று கேட்கலாம். 2017ஆம் ஆண்டில் லண்டனில் ஒரு எழுத்தாளர், தம் வீட்டுக் கொட்டகையை உணவு விடுதி என்று டிரிப் அட்வைசர் தளத்தில் பதிந்தார். அங்கே சமையலே கிடையாது. நண்பர்களை விட்டுப் புகழ்ந்து எழுதச் சொன்னார். அந்தக் கொட்டகை லண்டனிலேயே முதல் இடத்துக்கு வந்துவிட்டது! புகழ்ச்சி அப்படி வரும்போது, பழி வராதா?

சரி, மெஸ்காரர் என்ன செய்ய வேண்டும்?

"இவர் பொய் சொல்கிறார்" என்று மட்டும் எழுதினால் பலன் குறைவு. கடைக்காரருக்கும் வாடிக்கையாளருக்கும் இடையே யார் சொல்வது உண்மை என்று கூகுள் தீர்ப்புச் சொல்வதில்லை. தன் விதியை மீறிய கருத்தா என்று மட்டுமே பார்க்கும். உண்மையான அனுபவத்தைத்தான் எழுத வேண்டும் என்பது அந்த விதிகளில் ஒன்று. ஆகவே, "இவருக்கு எங்கள் கடையில் அனுபவமே இல்லை" என்பதைக் காட்ட வேண்டும்.

முதலில் அந்தக் கருத்தைத் தேதி தெரியும்படி திரையில் படம் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு, கருத்தின் பக்கத்திலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, Report review என்பதில் புகார் செய்ய வேண்டும். காரணம் கேட்கும் பட்டியலில் பொருந்துவதை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். எழுதியவர் போட்டிக் கடைக்காரர் என்பதற்கு ஆதாரம் இருந்தால்தான் Conflict of interest. வெறும் சந்தேகத்துக்கு அது உதவாது.

முடிவு வரச் சில நாட்கள் ஆகும். "விதிமீறல் இல்லை" என்று பதில் வந்தால் ஒரே ஒரு முறை மேல்முறையீடு உண்டு. அதில் அழுகையும் ஆத்திரமும் வேண்டாம். இப்படி எழுதினால் போதும்:

"எங்கள் கடை சைவம். உணவுப் பட்டியலின் படம் எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. மாலை 4 மணிக்கு மூடுகிறோம். அந்த நேரமும் அங்கே பதிவாகியுள்ளது. கருத்தில் சொல்லப்படுவது இரவு, மீன் குழம்பு. எனவே இது எங்கள் கடையில் கிடைத்த அனுபவமாக இருக்க முடியாது."

அவ்வளவுதான். "இந்தப் பெயரில் எங்கள் பில் புத்தகத்தில் யாரும் இல்லை" என்பது பலமான ஆதாரம் அல்ல. மெஸ்ஸில் சாப்பிடுகிறவர் பெயரையா கேட்கிறோம்? வேறு பெயரிலும் கணக்கு இருக்கலாம். தளத்தாரே சரிபார்க்கக்கூடிய உண்மைதான் நிற்கும்.

இதற்கிடையே, கருத்தின் கீழே எல்லோரும் பார்க்கும்படி ஒரு பதில் போடலாம்: "ஐயா, எங்கள் கடையில் அசைவம் கிடையாது. வேறு கடையை நினைத்து எழுதிவிட்டீர்களோ? தயவுசெய்து சரிபார்க்கவும்." பெயர் ஒற்றுமையால் தவறிப்போய் எழுதுகிறவர்களும் உண்டு. அப்படிப்பட்டவர் தாமே அழித்துவிடுவார். கூகுள் மறுத்தாலும், அடுத்துப் படிக்கிறவருக்கு விஷயம் புரியும்.

மைத்துனர், மாமன், மச்சான் எல்லோரையும் கூட்டி 5 நட்சத்திரம் போடச் சொல்வது மட்டும் கூடாது. அதுவும் பொய்க் கருத்துதான். பிடிபட்டால் நல்ல கருத்துகளும் சேர்ந்து போகலாம்.

கூகுள் கைவிரித்தால்? 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, இத்தகைய நிறுவனங்கள் குறைதீர்ப்பு அதிகாரி ஒருவரை வைத்திருக்க வேண்டும். புகார் கிடைத்ததை அவர் 24 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் முடிவு பிடிக்காவிட்டால், 30 நாட்களுக்குள் மத்திய அரசு 2023இல் அமைத்த மேல்முறையீட்டுக் குழுவிடம் இணையம் வழியே போகலாம். அதற்கும் மேல் கோர்ட்டுதான். ஒரு நட்சத்திரத்துக்காக மெஸ்காரர் வக்கீலைத் தேட வேண்டியிருக்கிறது!

இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில், இணையக் கருத்துகளுக்கென ஐ.எஸ். 19000 என்ற தர விதியை வெளியிட்டது. எழுதுகிறவர் உண்மையான ஆள்தானா என்று தளங்கள் சரிபார்க்க வேண்டும் என்பது அதன் நோக்கம். ஆனால், விரும்பினால் பின்பற்றலாம் என்றே அது வந்தது. புகாரை மறுக்கும் தளம், எதனால் மறுத்தது என்று கடைக்காரருக்குப் புரியும் தமிழில் இரண்டு வரியாவது எழுத வேண்டும். அதையாவது அரசாங்கம் கட்டாயமாக்கலாம்.