"நம்பருக்கே போட்டுவிடுங்கள்" என்பவர்களுக்கு

"லிங்க்கைத் தொடாதீங்க. ஜிபே நம்பருக்கே நேரா போட்டுடுங்க. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க." பல வருடங்களாகக் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிவரும் அறிவுரை இது. குடியிருப்போர் சங்கக் கூட்டங்களில் விழிப்புணர்வுப் பேச்சு என்று வந்தாலும் இதைத்தான் சொல்கிறார்கள். இன்ஸ்டாகிராமில் சேலை விற்கும் பக்கங்களும் "சேஃப்டிக்காக ஜிபே மட்டும்" என்று எழுதிவைக்கின்றன. ஏமாறாதீர்கள் என்று எச்சரிப்பவரும் ஏமாற்ற வந்தவரும் ஒரே வரியைச் சொல்கிறார்கள் என்றால் அந்த வரியில் ஏதோ கோளாறு இருக்க வேண்டும். கோளாறு மூன்று பகுதியிலும் இருக்கிறது. நடுப்பகுதியில் இருப்பதுதான் பணத்தைக் கொண்டுபோகிறது.

ஸ்கிரீன்ஷாட்டைச் சீக்கிரம் முடித்துவிடலாம். நீங்கள் பணம் அனுப்பினீர்கள் என்பதை அது காட்டும். அதை யார் மறுத்தார்கள்? எதற்காக அனுப்பினீர்கள், எந்தச் சேலை, என்றைக்குள் வர வேண்டும் என்பது அதில் இல்லை. போலி ஸ்கிரீன்ஷாட் தயாரிக்கும் செயலிகள் வந்த பிறகு, வீட்டிலிருந்து நேர்மையாக விற்கும் பெண்களே அந்தப் படத்தை நம்பிச் சரக்கை அனுப்பி நஷ்டப்படுகிறார்கள். வங்கிக்கும் காவல்துறைக்கும் தேவைப்படுவது படம் அல்ல, அந்தப் பரிவர்த்தனையின் 12 இலக்க யூடிஆர் எண்.

இனி லிங்க்குக்கு வருவோம். லிங்க் ஆபத்து, கியூஆர் பாதுகாப்பு, நம்பர் அதைவிடப் பாதுகாப்பு என்று ஒரு வரிசை மக்கள் மனத்தில் பதிந்துவிட்டது. அந்தக் கியூஆர் படத்துக்குள் இருப்பது இதுதான்:

```
upi://pay?pa=abc123@bank&pn=SriSilks&am=1950&cu=INR
```

இது ஒரு லிங்க். அதைக் கட்டம் கட்டமாக வரைந்தால் கியூஆர். `pa` என்பது பணம் போய்ச் சேரும் யூபிஐ முகவரி, `am` தொகை. `pn` என்ற இடத்தில் இருக்கும் பெயரை இந்த வரியை உருவாக்குபவர் தன் விருப்பப்படி எழுதிக்கொள்ளலாம். பெரிய ஜவுளிக்கடையின் பெயரைக்கூட எழுதலாம். கியூஆரின் மேல் அழகாக அச்சிட்டிருக்கும் கடைப்பெயருக்கு உள்ள மதிப்பும் அவ்வளவுதான். லிங்க்கைத் தொடமாட்டேன், கியூஆரை மட்டும் ஸ்கேன் செய்வேன் என்பவர் அதே லிங்க்கைத்தான் கேமரா வழியாகத் தொடுகிறார்.

நம்ப வேண்டிய பெயர் வேறு இடத்தில் வருகிறது. பின் எண்ணை அடிப்பதற்கு முந்தைய திரையில், பெறுபவரின் வங்கிக் கணக்கில் பதிவான பெயரையே காட்ட வேண்டும் என்று யூபிஐயை நடத்தும் என்பிசிஐ 2025இல் செயலிகளுக்கு உத்தரவிட்டது. நம்மில் பெரும்பாலோர் அந்தத் திரையில் தொகையை மட்டும் பார்த்துவிட்டுப் பின்னை அடித்துவிடுகிறோம். பார்க்க வேண்டியது பெயரை.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். இளம்பிள்ளை சாஃப்ட் சில்க் என்று ரீல்ஸில் ஒரு சேலை வருகிறது. விலை 1,850, கூரியர் 100, மொத்தம் 1,950 ரூபாய். "சிங்கிள் பீஸ்தான் சிஸ்டர், இன்னும் ரெண்டு பேர் கேட்கறாங்க" என்று டிஎம்மில் பதில் வருகிறது. கூடவே ஒரு மொபைல் எண். போடும் முன்னால் ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: "எந்தப் பேர்ல கணக்கு இருக்கு?" கணவர் பெயர், மாமியார் பெயர் என்று பதில் வந்தால் அதில் தவறில்லை, வீட்டுத் தொழிலில் அது சாதாரணம். பதில் வந்த பிறகு எண்ணை அடித்துத் திரையில் வரும் பெயரோடு ஒப்பிடுங்கள். சேலத்திலிருந்து பேசுகிறேன் என்றவர் தன் கணவர் என்று சொன்ன பெயர் ஒன்று, திரையில் வருவது சம்பந்தமே இல்லாத வேறொருவர் பெயர் என்றால் அது பெரும்பாலும் வாடகைக்கு எடுத்த கணக்கு. அங்கேயே நிறுத்திவிடலாம். ஒரு ரூபாய் அனுப்பிப் பார்த்தேன், போனது என்பது சோதனையே அல்ல. கணக்கு உயிரோடு இருக்கிறது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது.

பெயர் சரியாக இருந்தும் சேலை வரவில்லை என்றால் என்ன ஆகும்? "நம்பருக்கே போடு" என்ற அறிவுரை குப்புற விழுவது இந்த இடத்தில்தான். தனிநபர் எண்ணுக்குப் போட்ட பணம், அண்ணனுக்கு அனுப்பிய கைமாற்றைப் போன்றது. யூபிஐ அமைப்பைப் பொறுத்தவரை அதில் பொருளும் இல்லை, விற்பனையும் இல்லை. பணம் கழிந்தது, போய்ச் சேர்ந்தது, கதை முடிந்தது. வங்கி மோசடிகளில் வாடிக்கையாளரின் பொறுப்பை வரையறுத்து ரிசர்வ் வங்கி 2017இல் சுற்றறிக்கை வெளியிட்டதே, அது காப்பாற்றாதா என்று கேட்கலாம். உங்கள் அனுமதியில்லாமல் நடந்த பரிவர்த்தனைகளுக்கானது அது. இங்கே பின்னை அடித்தது நீங்கள்.

அதே 1,950 ரூபாயை விற்பவரின் வணிகர் கியூஆருக்குப் போட்டிருந்தால் நிலைமை வேறு. அது வணிகப் பரிவர்த்தனையாகப் பதிவாகிறது. பொருள் வரவில்லை என்ற காரணத்தையே குறிப்பிட்டுச் செயலி வழியாகவோ வங்கி வழியாகவோ புகார் எழுப்ப அதில் இடமுண்டு. வங்கிக் கணக்கிலிருந்து யூபிஐ வழியாக வரும் பணத்துக்கு 2020 ஜனவரி முதல் வணிகரிடம் கட்டணம் வாங்குவதில்லை. ஆகவே ஆண்டுக்கணக்கில் சேலை விற்கிறேன் என்பவர் வணிகர் கியூஆர் வைத்துக்கொள்ளாததற்குச் செலவைக் காரணமாகச் சொல்ல முடியாது.

இன்னும் பலமான வழி, எல்லாரும் காட்டிப் பயமுறுத்தும் அந்த லிங்க்கில்தான் இருக்கிறது. ரேசர்பே போன்ற பணவழி நிறுவனத்தின் லிங்க்கை விற்பவர் அனுப்பி, நீங்கள் கிரெடிட் கார்டால் கட்டினால், சேலை வராதபோது கார்டு கொடுத்த வங்கியிடம் சார்ஜ்பேக் கேட்கலாம். விற்பவர் அந்த நிறுவனத்திடம் அடையாளமும் வங்கிக் கணக்கும் கொடுத்துத்தான் லிங்க் வாங்கியிருப்பார். இதற்குப் பொதுவாகச் சுமார் 2 சதவீதமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் கட்டணம் ஆகும். நம் கணக்கில் 46 ரூபாய். சிறு வியாபாரி தயங்குவது இதனால்தான், அது நியாயமான தயக்கம். அந்த 46 ரூபாயை நான் தருகிறேன், லிங்க் அனுப்புங்கள் என்று சொல்லுங்கள். நேர்மையானவர் பெரும்பாலும் சம்மதிப்பார். அப்போதும் கோபப்பட்டு "ஜிபே மட்டும்" என்று நின்றால், உங்களுக்குத் தேவையான தகவல் கிடைத்துவிட்டது.

இதனால் மோசடி லிங்க்கே கிடையாது என்று ஆகிவிடாது. லிங்க்கைப் படிக்கக் கற்றுக்கொடுக்காமல், தொடாதே என்று மட்டும் சொன்னதுதான் என் கோபத்துக்குக் காரணம். முகவரியில் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் உள்ள பகுதியை மட்டும் எடுத்து, வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். `rzp.io/rzp/abc` என்றால் சொந்தக்காரர் `rzp.io`, ரேசர்பேயின் குறுமுகவரி. `rzp.io.saree-pay.top/abc` என்றால் சொந்தக்காரர் `saree-pay.top`. முன்னால் ஒட்டியிருக்கும் `rzp.io` வெறும் வேஷம். லிங்க்கைத் தொட்டதும் `.apk` என்று முடியும் கோப்பு இறங்கினால் அது கட்டணப் பக்கமே அல்ல. நிறுவாமல் அழித்துவிட வேண்டும். இணையப் பக்கம் எதுவாக இருந்தாலும் யூபிஐ பின்னைக் கேட்கக் கூடாது. அது உங்கள் சொந்தச் செயலியின் திரையில் மட்டுமே அடிக்க வேண்டிய எண். கார்டால் கட்டும்போது வரும் ஓடிபி செய்தியில் தொகை எழுதியிருக்கும், பெரும்பாலும் கடைப்பெயரும் இருக்கும். எண்ணை மட்டும் பொறுக்கிக்கொள்ளாமல் அந்த வரியை முழுக்கப் படியுங்கள்.

பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பும் கியூஆர் இன்னொரு வலை. ஸ்கேன் செய்து பின்னை அடித்தால் 1,950 உங்களுக்கு வரும் என்பார்கள். பணம் வாங்குவதற்குப் பின் தேவையே இல்லை. அடித்தால் இன்னொரு 1,950 போகும்.

ஐம்பதாயிரம் ஃபாலோயர்ஸ் இருக்கிறார்களே என்கிறார்கள். அவர்களை விலைக்கு வாங்கலாம். பக்கத்தின் பெயரைத் தட்டி `About this account` என்பதைத் திறந்து பாருங்கள். கணக்கு எப்போது தொடங்கியது, எத்தனை முறை பெயர் மாறியது என்பது அங்கே இருக்கும். நேற்றுவரை மீம்ஸ் போட்ட பக்கம் இன்று சேலை விற்கலாம்.

"நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச்" என்று பயோவில் எழுதிவிட்டால் உரிமை போய்விட்டது என்று நினைப்பதும் தவறு. குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள் திரும்பப் பெற மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். உங்கள் ஊர் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. ஆனால் எதிர்தரப்பின் முகவரி வேண்டும், நோட்டீஸ் போக வேண்டும். மொபைல் எண்ணுக்குப் பணம் போட்டவரிடம் அது இருக்காது. அதனால் வீட்டு முகவரியோடு ஒரு பில்லை, வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பியதாக இருந்தாலும் சரி, பணம் போடும் முன்பே வாங்கிவிட வேண்டும். பார்சல் பிரிக்கும் வீடியோவையும் விற்பவர் கேட்பதற்காக எடுக்காதீர்கள், உங்களுக்காக எடுங்கள். சார்ஜ்பேக் வந்தால் கூரியர் ரசீதைக் காட்டுவதற்காகவே உள்ளே பழைய துணியைத் திணித்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

கடைசியாக, "டெலிவரிக்கு 15 வேலை நாள்" என்ற வரி. நெய்து வர நாளாகும் என்றால் ஒப்புக்கொள்ளலாம். கையில் இருக்கும் சிங்கிள் பீஸுக்கு எதற்கு 15 வேலை நாள்? ஞாயிறையும் விடுமுறையையும் சேர்த்தால் ஏறக்குறைய மூன்று வாரம். சைபர் குற்ற உதவி எண்ணான 1930 வேலை செய்யும் விதம், பணம் போய்ச் சேர்ந்த கணக்கிலேயே அதை முடக்கிப்பிடிப்பது. மூன்று வாரத்தில் அது பல கணக்குகள் தாண்டி ஏடிஎம்மில் எடுக்கப்பட்டிருக்கும். எனவே 15ஆம் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். கேட்ட கேள்விக்குப் பதில் நின்றாலோ, உங்களை பிளாக் செய்தாலோ, கூரியர் இன்சூரன்ஸ் என்று இன்னும் 300 ரூபாய் கேட்டாலோ அன்றே 1930ஐ அழையுங்கள், அல்லது `cybercrime.gov.in` தளத்தில் பதிவு செய்யுங்கள். யூடிஆர் எண், பணம் போன நேரம், தொகை, உங்கள் வங்கியின் பெயர், திரையில் வந்த பெறுபவர் பெயர் இவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள்.