எத்தனை ரக்அத் தொழுதோம்?

"ளுஹர் தொழ அரை மணி நேரம் ஆகிறது. தக்பீர் சொல்லிக் கை கட்டியதும், நிய்யத் சரியாக வந்ததா என்று தோன்றும். அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டுவேன்" என்கிறார் ஒரு சகோதரி. ஆலிம்கள் இதை வஸ்வாஸ் என்பார்கள்.

எப்போதாவது சந்தேகம் வந்தால் வழி எளிது. மூன்றா, நான்கா என்று தெரியவில்லையா? உறுதியான மூன்றையே கணக்கில் வைத்து, இன்னொரு ரக்அத் தொழுது, ஸலாமுக்கு முன் இரண்டு ஸஜ்தா செய்தால் போதும். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள முறை இது. முதலிலிருந்து தொழச் சொல்லவில்லை.

தினமும் இதே பாடு என்றால் பதில் வேறு. ஷாஃபிஈ அறிஞர் இப்னு ஹஜர் அல்ஹைதமீயிடம் இதற்கு மருந்து கேட்டார்கள். அதை அறவே பொருட்படுத்தாமல் விடுவதுதான் மருந்து என்றார் அவர். ஆகவே அந்தச் சகோதரி தக்பீரை ஒரே முறை சொல்லட்டும். 'கூடவில்லை' என்று மனம் எவ்வளவு கத்தினாலும் ஃபாத்திஹாவுக்குப் போய்விடட்டும். தொடங்கிய ஃபர்ளைக் காரணமின்றி முறிப்பது பேணுதல் ஆகாது, கூடாத செயல்.

முதல் சில நாட்கள் பதற்றம் கூடும். தொழுகை கெட்டதற்கு அது அடையாளமல்ல. திரும்பத் தொழுதால் ஒரு நிமிடம் நிம்மதி, அடுத்த வக்தில் சந்தேகம் இன்னும் பலமாக வரும். உளூ செய்தே கைத்தோல் வெடிக்கிறது என்றால் மனநல மருத்துவரையும் பாருங்கள். ஓசிடி என்னும் அந்த நோய்க்கு மாத்திரை உண்டு. திரும்பச் செய்யாமல் இருக்கும் பயிற்சியை அவரும் தருவார்.