அடுக்கில் 600, திரையில் 560

புது மென்பொருளுக்கு மாறிய முதல் நாளே இருப்பு இடித்தால், "சாஃப்ட்வேர் சரியில்லை" என்ற பேச்சுதான் முதலில் கிளம்பும். கூட்டல் கழித்தலில் அது தவறுவது அபூர்வம். பழைய கணக்கை எங்கே முடித்தோம், புதியதை எங்கே தொடங்கினோம் என்பதில்தான் பெரும்பாலும் சிக்கல். ஒரு கதையாகச் சொன்னால் விளங்கும்.

மருந்து மொத்த விற்பனைக் கிடங்கு ஒன்று. திங்கள் இரவுப் பணியில் இருந்த கிளார்க், சலைன் பெட்டிகளை எண்ணினார். அடுக்கில் 600. திரையில் 560. குறைந்தால் திருட்டு என்பார்கள், கூடினால் என்னவென்பது?

ஒரு பெட்டிக்கு 24 பாட்டில். பெட்டிக் கணக்கும் பாட்டில் கணக்கும் மாறியிருந்தால் எண்ணிக்கை 24 மடங்கு தாறுமாறாகியிருக்கும். அப்படி இல்லை. வேறு அடுக்கின் பெயரில் ஏறியிருந்தால் கிடங்கு மொத்தமாவது சரியாக வரும். அதுவும் 560 தான். வித்தியாசம் முழுசாக 40 என்பதால், ஏதோ ஒரு சீட்டு இருமுறை கழிந்திருக்கிறது என்று அவருக்குப் பட்டது.

அந்தச் சரக்கின் வரத்து-செலவுப் பட்டியலைத் திறந்தார். தொடக்க இருப்பு 600. ஞாயிறன்று ஒரே பதிவு: 40 பெட்டி வெளியே. கேட் பதிவேட்டைப் புரட்டினார். சனி இரவு ஒன்பதரைக்கு 40 பெட்டியுடன் ஒரு வண்டி போயிருந்தது. பழைய மென்பொருளை நிறுத்தியது எட்டு மணிக்கு. ஆனால் அந்த வண்டிக்கு ஏழே முக்காலுக்கே பில் போட்டாகிவிட்டது. வண்டி வர நேரமாகியதால் லோடு தாமதம். எட்டு மணி இருப்பான 600-இல் அந்த 40 ஏற்கெனவே கழிந்திருந்தது. ஞாயிறன்று பதிவு செய்தவரோ, எட்டு மணிக்குப் பின் கேட்டைத் தாண்டியதெல்லாம் புதுக் கணக்கு என்று நினைத்து மறுபடி கழித்துவிட்டார். பில் நேரம்தான் எல்லை என்றோ, கேட் நேரம்தான் எல்லை என்றோ ஒன்றை முடிவு செய்திருக்க வேண்டும். இங்கே ஒருவர் ஒன்றைப் பிடித்தார், மற்றவர் இன்னொன்றை. ஞாயிறன்று பதிந்தவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

இருப்புத் திருத்தத்தில் 40-ஐக் கூட்டிவிட்டால் அன்றிரவு திரை நேராகிவிடும். கிளார்க் கூட்டவில்லை. கூட்டியிருந்தால், காலையில் கணக்குப் பிரிவு இரட்டைப் பதிவை ரத்து செய்யும்போது திரை 640 காட்டும். இல்லாத 40 பெட்டியை நம்பி ஆர்டர் எடுப்பார்கள். பில் எண்ணையும் கேட் பதிவின் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி, சலைன் அடுக்கில் ஒட்டினார். சூப்பர்வைசருக்கு போன் செய்தார்.

பிறகு பதிவேட்டின் அதே பக்கத்தைக் கீழே பார்த்தார். எட்டு மணிக்குப் பின் போன வண்டிகள் இன்னும் இரண்டு இருந்தன.